பதிவைக் காதுக்கு மாற்றி எழுதுவது

"லீப் ஆண்டு பற்றி நான் எழுதிய பதிவை ஒரு நேரலை ஆடியோ அறையில் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பத்து நிமிடம் தருவார்களாம். சத்தமாக வாசித்துப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது, பாதியில் எனக்கே குழம்பிவிடுகிறது. எப்படி மாற்றி எழுதுவது? வாக்கியங்களைச் சின்னதாக வெட்டினால் போதுமா?"

வெட்ட வேண்டியதுதான், ஆனால் எங்கே வெட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பலன். கண்டபடி வெட்டினால் தந்தி வாசிப்பது போல ஆகிவிடும். கேட்பவருக்கு அதுவும் புரியாது.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. யார், எதை, எப்போது, ஏன் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் என்ன நடந்தது என்று தெரியும். படிப்பவர் ஒருமுறை கண்ணைப் பின்னால் ஓட்டி விட்டதைப் பிடித்துக்கொள்வார். கேட்பவருக்கு அந்த வழி இல்லை. வினை வரும் வரைக்கும் அத்தனையையும் மனதில் தாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆகவே நீங்கள் குறைக்க வேண்டியது வாக்கியத்தின் நீளத்தை அல்ல, கேட்பவர் தாங்கும் சுமையை.

"கடைக்குப் போய், பார்த்து, வாங்கி, வீட்டுக்கு வந்து சமைத்தேன்" என்பது நீளமான வாக்கியம்தான். ஆனால் காதுக்கு அதில் சிரமமே இல்லை. ஒவ்வொன்றும் நடந்த வரிசையிலேயே வருகிறது, ஒன்று முடிந்ததும் அதை விட்டுவிடலாம். சிரமம் தருவது வேறு இரண்டு வகை. ஒன்று, ஒரு பெயருக்கு முன்னால் அடுக்கிக்கொண்டே போகும் எச்சத் தொடர்கள்: "ஆண்டுதோறும் மிஞ்சி, நான்கு ஆண்டுகளில் ஒரு நாளாகச் சேரும் கூடுதல் நேரத்தை" என்பது போல. இன்னொன்று, முக்கியமான சேதிக்கு முன்னால் நிற்கும் "என்றாலும்", "என்பதால்", "இருந்தபோதிலும்". இவற்றைத் தேடிப்பிடித்து வெட்டுங்கள். மற்றவற்றை விட்டுவிடலாம்.

உங்கள் பதிவு என் கையில் இல்லை. லீப் ஆண்டு பற்றி எழுதுகிற யாருக்கும் இயல்பாக வந்துவிடக்கூடிய ஒரு வாக்கியத்தை நானே எழுதிக்கொள்கிறேன்:

> ஓர் ஆண்டுக்கு 365 நாட்கள் என்று நாம் பொதுவாகக் கருதினாலும், உண்மையில் (பருவங்களின் அடிப்படையில் கணக்கிடும்போது) அது ஏறத்தாழ 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 விநாடி என்பதால், ஆண்டுதோறும் மிஞ்சும் ஏறத்தாழ கால் நாளைச் சரிக்கட்டுவதற்காக நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிப்ரவரியில் ஒரு நாள் சேர்க்கப்படுகிறது.

படிக்கும்போது இதில் பெரிய குறை தெரியாது. வாசிக்கும்போது "கருதினாலும்" ஒரு முடிச்சு, அடைப்புக்குறி ஒரு முடிச்சு, "என்பதால்" ஒரு முடிச்சு. நடுவில் நான்கு எண்கள். கடைசியில் "சேர்க்கப்படுகிறது" வரும்போது எதற்காகச் சேர்க்கிறோம் என்பதே பாதிப் பேருக்கு மறந்திருக்கும். இதையே இப்படி மாற்றலாம்:

> வருஷத்துக்கு எத்தனை நாள்?
> முந்நூத்தி அறுபத்தஞ்சு. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.
> ஆனா அது முழுக் கணக்கு இல்லை. கொஞ்சம் மிச்சம் இருக்கு.
> ஒரு வசந்த காலத்துல இருந்து அடுத்த வசந்த காலம் வரைக்கும் எண்ணினா, முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும், கூடவே ஒரு ஆறு மணி நேரமும் ஆகுது.
> அந்த ஆறு மணி நேரம்ங்கிறது கால் நாள்.
> கால் நாள், நாலு வருஷம் சேர்ந்தா ஒரு முழு நாள்.
> அந்த ஒரு முழு நாளைத்தான் பிப்ரவரியில சேர்க்குறோம்.

இதில் நடந்திருப்பது என்ன என்று பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் புதிய சேதி ஒன்றுதான். ஒரு வாக்கியம் முடிகிற இடத்தை அடுத்த வாக்கியம் தொட்டுத் தொடங்குகிறது: ஆறு மணி நேரம், அந்த ஆறு மணி நேரம், கால் நாள், கால் நாள், முழு நாள், அந்த முழு நாள். அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வருவது மனப்பாடம் செய்கிறவருக்கு எவ்வளவு உதவுமோ, அதே உதவி இங்கே கேட்பவருக்குக் கிடைக்கிறது. எழுத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் ஆசிரியர் வட்டம் போடுவார். பேச்சில் அந்த மறுபடிதான் கைப்பிடி. அதனால் "அது", "இது", "இவ்வாறு", "மேற்கூறிய" எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எதைச் சொல்கிறீர்களோ அதன் பெயரையே திரும்பச் சொல்லுங்கள். "மேற்கூறிய" என்பதற்கு ஆடியோவில் அர்த்தமே இல்லை. மேலே என்று ஓர் இடம் அங்கே கிடையாது.

"சேர்க்கப்படுகிறது" என்பது "சேர்க்குறோம்" ஆகியிருப்பதையும் கவனித்திருப்பீர்கள். செயப்பாட்டு வினை வாய்க்கும் கடினம், யார் செய்தது என்பதையும் மறைத்துவிடும். செய்தவரைக் கொண்டுவந்தால் வாக்கியம் தானாகச் சுருங்கும்.

பேச்சு வழக்கில் எழுதுவதா, எழுத்து வழக்கிலேயே வைப்பதா என்று கேட்பீர்கள். என் அபிப்பிராயம்: உங்கள் வாய் எதைச் சொல்லுமோ அதையே தாளிலும் எழுதுங்கள். "இருக்கிறது" என்று எழுதிவைத்து, வாசிக்கும்போது "இருக்கு" என்று மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால், பத்து இடத்தில் மாற்றுவீர்கள், இரண்டு இடத்தில் மறந்துவிடுவீர்கள். அந்த இரண்டு இடமும் சட்டென்று செய்தி வாசிப்பது போல ஒலிக்கும். கேட்பவர் கவனம் விஷயத்தை விட்டு உங்கள் குரலுக்குப் போய்விடும். வினைச்சொற்களைப் பேச்சுக்கு மாற்றினாலே பெரும்பகுதி மாறிவிடும். "லீப் வருஷம்", "பிப்ரவரி", "காலண்டர்" போன்ற முக்கியமான சொற்களை மட்டும் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே மாதிரி வைத்திருங்கள். ஓரிடத்தில் லீப் வருஷம், இன்னோரிடத்தில் மிகுநாள் ஆண்டு என்று சொன்னால், இரண்டும் வேறு வேறு என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

மேலே உள்ள உதாரணத்தில் 48 நிமிடமும் 45 விநாடியும் காணாமல் போனதும் தெரிந்தேதான். ஒரு எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த எளிய வழி இது: பின்னால் வரும் ஏதாவது ஒரு வாக்கியம் அந்த எண்ணின் மீது நிற்கிறதா? 45 விநாடியின் மீது எதுவும் நிற்கவில்லை, போகட்டும். ஆனால் ஆறு மணி நேரத்துக்கும் உண்மையான கணக்குக்கும் இடையே இருக்கும் 11 நிமிடம் வேண்டும். அதுதான் அடுத்த பகுதியின் அச்சாணி: வருடத்துக்கு 11 நிமிடம் அதிகமாகக் கணக்கிட்டதால், ஏறக்குறைய 128 ஆண்டுகளில் ஒரு நாள் பிசகியது. 128 என்பதையும் "கிட்டத்தட்ட நூத்தி முப்பது" என்று சொல்லிவிடலாம். துல்லியம் எழுத்துப் பதிவில் இருக்கவே இருக்கிறது.

எண்களைத் தாளில் எழுத்தாலேயே எழுதுங்கள். 1582 என்று எழுதியிருந்தால் "ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்திரண்டு" என்பதா "ஃபிஃப்டீன் எய்ட்டி டூ" என்பதா என்று அந்த நொடியில் முடிவெடுக்க வேண்டிவரும், அங்கே ஒரு தடுமாற்றம். எதுவானாலும் சரி, முன்பே முடிவு செய்து ஒலிக்கிறபடி எழுதிவிடுங்கள்.

அடுத்து உங்கள் பதிவின் மிகக் கடினமான இடம், விதி. எழுத்தில் அது பொதுவாக இப்படி இருக்கும்:

> நான்கால் வகுபடும் ஆண்டுகள் லீப் ஆண்டுகள், ஆனால் நூறால் வகுபடுபவை, நானூறால் வகுபட்டாலொழிய, லீப் ஆண்டுகள் அல்ல (1700, 1800, 1900 அல்ல, 1600, 2000 ஆம்).

இதை வெறுமனே மூன்று வாக்கியமாக வெட்டினாலும் காதுக்குப் போதாது. விதிவிலக்குக்குள் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கேட்பவர் முதல் விதியைப் பிடித்துக்கொண்டு, அதில் இரண்டாவதைக் கழித்து, அதில் மூன்றாவதைத் திரும்பச் சேர்க்க வேண்டும். இப்படிப்பட்ட இடங்களில் விதியைச் சொல்வதை விட்டுவிட்டு, ஒரு வருடத்தைக் கையில் கொடுத்துக் கேள்வி கேட்டு நடத்திச் செல்வதுதான் சரியாக வரும்.

> இப்ப விதிக்கு வர்றோம். மூணே மூணு கேள்விதான்.
> ஒரு வருஷத்தை மனசுல எடுத்துக்கங்க.
> முதல் கேள்வி. அது நாலால வகுபடுதா?
> வகுபடலைன்னா, சாதாரண வருஷம். அதோட முடிஞ்சுது.
> வகுபட்டா, ரெண்டாவது கேள்விக்கு வாங்க.
> ரெண்டாவது கேள்வி. அந்த வருஷம் ரெண்டு பூஜ்யத்துல முடியுதா?
> முடியலைன்னா, லீப் வருஷம். அதோட முடிஞ்சுது.
> முடிஞ்சா மட்டும், மூணாவது கேள்வி.
> அந்த ரெண்டு பூஜ்யத்தை அடிச்சுடுங்க. மீதி இருக்குற எண் நாலால வகுபடுதா?
> வகுபட்டா லீப் வருஷம். வகுபடலைன்னா சாதாரண வருஷம்.
> சரி, ரெண்டாயிரத்தை வெச்சுப் பாப்போம். ரெண்டு பூஜ்யத்தை அடிச்சா, இருபது. இருபது நாலால வகுபடும். அதனால ரெண்டாயிரம் லீப் வருஷம்.
> அடுத்து ரெண்டாயிரத்து நூறு. ரெண்டு பூஜ்யத்தை அடிச்சா, இருபத்தொண்ணு. இருபத்தொண்ணு நாலால வகுபடாது. அதனால ரெண்டாயிரத்து நூறு சாதாரண வருஷம். அந்த வருஷம் பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள்தான்.

நூறு, நானூறு என்ற இரண்டு சொல்லும் இதில் விதியாக வரவே இல்லை. காரணம் இருக்கிறது. "நானூறு" என்பதில் முதல் அசை விழுங்கப்பட்டால் மிஞ்சுவது "நூறு". ஆடியோ அறையில் இணையம் ஒரு கணம் இழுத்தால் சரியாக அப்படி ஓர் அசைதான் காணாமல் போகும். விதியின் உயிரே அந்த இரண்டு எண்களின் வித்தியாசத்தில் இருக்கும்போது, அதை ஓர் அசையை நம்பி விடக் கூடாது. ரெண்டு பூஜ்யத்தை அடித்துவிட்டு நாலால் வகுப்பதும் நானூறால் வகுப்பதும் ஒரே கணக்குத்தான். ஆனால் இந்த வடிவத்தில் குழப்பத்துக்கு இடமில்லை, மனக்கணக்காகவும் போட முடிகிறது.

இதே காரணத்தால் எதிர்மறை வாக்கியங்களிலும் கவனம் தேவை. தமிழில் "இல்லை", "அல்ல", "கிடையாது" எல்லாம் வாக்கியத்தின் கடைசியில் வருகின்றன. "ஆயிரத்துத் தொள்ளாயிரம் லீப் வருஷம் இல்லை" என்பதில் கடைசிச் சொல் விழுந்துவிட்டால், கேட்பவர் காதில் நேர் எதிரான சேதி போய்ச் சேரும். அதுவும் வாக்கியத்தின் முடிவில்தான் எல்லோருக்கும் குரல் தாழ்கிறது. அதனால் முக்கியமான எதிர்மறை ஒவ்வொன்றையும் தொடர்ந்து, அதையே நேர்மறையாக ஒருமுறை சொல்லிவிடுங்கள். மேலே "பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள்தான்" என்று முடித்திருப்பது அதற்காகத்தான். எல்லா "இல்லை"க்கும் இப்படிச் செய்ய வேண்டாம். தப்பாகக் கேட்டால் மொத்தமும் கவிழ்ந்துவிடும் என்கிற இடங்களுக்கு மட்டும் போதும்.

இனி வழிகாட்டும் வாக்கியங்கள். எழுத்தில் தலைப்பு, பத்தி இடைவெளி, தடித்த எழுத்து, எண்ணிட்ட பட்டியல் எல்லாம் படிப்பவருக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்று காட்டிக்கொண்டே இருக்கும். வாசிக்கும்போது அத்தனையும் மறைந்துவிடும். அந்த வேலையை வாயால் செய்ய வேண்டும்.

தொடக்கத்தில் ஒரு வரைபடம் கொடுங்கள். மூன்று பகுதிக்கு மேல் வேண்டாம். "லீப் வருஷம் பத்தி மூணு விஷயம். ஏன் ஒரு நாள் சேர்க்குறோம். அந்தக் கணக்குல என்ன தப்பு. அந்தத் தப்பை எப்படிச் சரி பண்ணாங்க." இவ்வளவுதான். பின்னால் ஒவ்வொரு பகுதிக்குள் நுழையும்போதும் இதே சொற்களை அப்படியே பயன்படுத்துங்கள். வரைபடத்தில் "தப்பு" என்று சொல்லிவிட்டு, அங்கே போனதும் "பிழை" என்றோ "விலகல்" என்றோ சொன்னால், வரைபடத்தோடு பொருத்திப் பார்க்க முடியாது.

ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது இரண்டு காரியம் நடக்க வேண்டும்: முந்தையது முடிந்தது என்று சொல்ல வேண்டும், அடுத்தது இன்னது என்று சொல்ல வேண்டும். பலர் இரண்டாவதை மட்டும் சொல்கிறார்கள். முதலாவதைச் சொல்லாவிட்டால், புதிதாக வருவதைக் கேட்பவர் பழையதன் தொடர்ச்சி என்றே எண்ணிக்கொண்டிருப்பார்.

> சரி. ஏன் ஒரு நாள் சேர்க்குறோம்னு பாத்தாச்சு.
> இப்ப ரெண்டாவது விஷயம். அந்தக் கணக்குல என்ன தப்பு?
> ஆறு மணி நேரம்னு சொன்னேன் இல்லையா? சரியா சொன்னா, ஆறு மணி நேரத்துக்குப் பதினோரு நிமிஷம் குறைவு.
> அப்ப ஒவ்வொரு வருஷமும் பதினோரு நிமிஷம் அதிகமா சேர்த்துட்டே வர்றோம்.
> பதினோரு நிமிஷம் சின்னதுதான். ஆனா நூத்தி முப்பது வருஷம் போனா, அது கிட்டத்தட்ட ஒரு நாள்.

"ஆனா" வாக்கியத்தின் முதல் சொல்லாக நிற்பதைப் பாருங்கள். எழுத்தில் "சிறியதாக இருந்தாலும்" என்று திருப்பத்தை உள்ளே புதைத்துவிடுவோம். பேச்சில் திரும்பப்போகிறோம் என்பதை முதலில் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். "அதனால", "அப்புறம்", "உதாரணத்துக்கு" எல்லாவற்றுக்கும் இதுவே இடம்: வாக்கியத்தின் முதல் சொல், அதன் பிறகு ஒரு சின்ன நிறுத்தம்.

அடைப்புக்குறிக்குள் இருந்ததை எடுத்துவிடுவதே நல்லது. எடுக்க மனமில்லை என்றால் வாசலைத் திறந்து மூடுங்கள். "இங்க ஒரு சின்ன தகவல்" என்று தொடங்கி, சொல்லிவிட்டு, "சரி, விஷயத்துக்கு வர்றேன்" என்று மூடுங்கள். திறந்த எல்லோரும் மூடுவதில்லை. மேற்கோளுக்கும் இதேதான்: தொடங்கும்போது யார் சொன்னது என்பதும், முடியும்போது "இது வரைக்கும் அவங்க வார்த்தை" என்பதும் வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கருத்தும் அவர் கருத்தும் கலந்துவிடும்.

நேரலை அறைக்கென்றே ஒரு வழிகாட்டி வாக்கியம் தனியாக உண்டு. கேட்பவர்கள் நடுவில் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பார்கள். ஐந்தாவது நிமிடத்தில் உள்ளே வருகிறவருக்கு நீங்கள் பேசுவது லீப் வருடம் பற்றி என்பதே தெரியாமல் இருக்கலாம். அறையின் தலைப்பைப் பார்த்துக்கொள்வார் என்று விட முடியாது. போனைப் பையில் போட்டுக்கொண்டு கேட்கிறவர்கள்தான் அதிகம். அதனால் ஒவ்வொரு பகுதி முடிவிலும் ஒரு நுழைவாயில் வையுங்கள்:

> இப்பதான் உள்ளே வந்தவங்களுக்கு ஒரு வரி. லீப் வருஷம் பத்திப் பேசிட்டு இருக்கோம். நாலு வருஷத்துக்கு ஒரு நாள் சேர்க்குறது கொஞ்சம் அதிகம்னு பாத்தோம். இப்ப அந்தத் தப்பை எப்படிச் சரி பண்ணாங்கன்னு பாக்கப் போறோம்.

ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இது சுருக்கமாகப் பயன்படும், யாருக்கும் வீணில்லை. ஆனால் கடிகாரத்தைப் பார்த்து நடுவில் செருகாதீர்கள், விளக்கம் பாதியில் அறுந்துவிடும். பகுதி முடிகிற இடத்தில்தான் இதற்கு இடம். "வந்தவங்களுக்கு வணக்கம், நான் இன்னார்" என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கவும் வேண்டாம். நேரம் முழுவதையும் அது தின்றுவிடும்.

மூன்றாவது பகுதியில் கதை இருக்கிறது, அங்கே நீங்கள் மூச்சு விடலாம். 1582இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி காலண்டரைத் திருத்தினார். அதை உடனே ஏற்ற நாடுகளில் பத்து நாட்கள் அப்படியே நீக்கப்பட்டன. எழுத்தில் "அக்டோபர் 5 முதல் 14 வரையிலான தேதிகள் நீக்கப்பட்டன" என்று இருக்கும். காதுக்கு அதை இப்படிச் சொல்லலாம்: "அக்டோபர் நாலாம் தேதி, வியாழக்கிழமை. அன்னைக்கு ராத்திரி படுத்தாங்க. காலையில எழுந்தா வெள்ளிக்கிழமை. ஆனா தேதி பதினஞ்சு." இங்கேயும் இரண்டே எண்தான், ஆனால் நடந்த வரிசையில் வருகின்றன. கிழமை மாறவில்லை, தேதி மட்டும் தாவியது என்பதும் விளக்கமே இல்லாமல் புரிந்துவிடுகிறது.

பத்து நிமிட அளவுக்கு வருவோம். காதுக்கு மாற்றினால் பதிவு நீளும். மேலே ஒரே வாக்கியம் ஏழு வரியானதைப் பார்த்தீர்கள். ஆகவே விஷயத்தில் ஒரு பகுதியை விட்டே ஆக வேண்டும். மாற்றி எழுதியதில் ஒரு பக்கத்தை, நேரில் பேசும் வேகத்தில், நிறுத்தங்களோடு வாசித்து நேரம் பாருங்கள். அதை வைத்து மொத்தத்தையும் கணக்கிட்டு, ஏழரை நிமிடத்துக்குள் அடக்குங்கள். மிச்ச நேரம் அறிமுகத்துக்கும், மைக் தயங்குவதற்கும், யாராவது நடுவில் "குரல் கேட்கிறதா" என்று கேட்பதற்கும் போய்விடும். நேரம் போதவில்லை என்று வேகமாக வாசிப்பதைவிட ஒரு பகுதியையே தூக்கிவிடுவது எவ்வளவோ மேல்.

தூக்கியதை எறிந்துவிடாதீர்கள். தனியாக ஒரு தாளில் எழுதி வையுங்கள், கேள்வி நேரத்துக்கு உதவும். இங்கிலாந்து 1752இல்தான் மாறியது, அங்கே செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 என்பது சுவையான தகவல். ஆனால் வாசிப்பின் நடுவில் வந்தால், இப்போதுதான் மனதில் பதிந்த அக்டோபர் தேதிகளை அது கலைத்துவிடும்.

தாளின் அமைப்பும் முக்கியம். ஒரு வரிக்கு ஒரு வாக்கியம். நீண்ட நிறுத்தம் வேண்டிய இடத்தில் ஒரு வரி இடைவெளி. எழுத்து பெரிதாக. பக்கத்தின் கடைசியில் வாக்கியம் உடையக் கூடாது. ஆடியோ செயலி ஓடும் போனிலேயே வாசிக்க வேண்டாம். ஓர் அழைப்பு வந்தால் வாசிப்பும் போய்விடும், குரலும் போய்விடும். வேறு கருவியோ காகிதமோ எடுத்துக்கொள்ளுங்கள். காகிதம் என்றால் பக்கம் புரளும் சத்தம் மைக்கில் விழும், தாள்களைத் தைக்காமல் தனித்தனியாக வைத்து நகர்த்துங்கள்.

மைக்கைத் திறந்த உடனே முக்கியமான சொல்லைச் சொல்லாதீர்கள். முதல் ஓரிரு அசை போய்ச் சேராமல் போவது சகஜம். "சரி", "ஆமா, இப்ப" என்று இழந்தாலும் நட்டமில்லாத ஒரு சொல்லோடு தொடங்குங்கள். அதையும் தாளில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பதற்றத்தில் மறந்துவிடும்.

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு சோதனை போதும். ஒருமுறை சத்தமாக வாசியுங்கள், நாக்கு தடுமாறிய இடத்தில் கோடு போடுங்கள். மறுபடியும் அதே இடத்தில் தடுமாறினால், பயிற்சி செய்யாதீர்கள், அந்த வாக்கியத்தை மாற்றுங்கள். உங்களுக்கே இடறுகிற இடம் கேட்பவருக்கும் இடறும். இரண்டாவது, விஷயம் தெரியாத ஒருவருக்குத் தாளைக் காட்டாமல் வாசித்துக் காட்டுங்கள். "புரிஞ்சுதா" என்று கேட்காதீர்கள். எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "ரெண்டாயிரத்து இருநூறு லீப் வருஷமா?" என்று கேளுங்கள். ரெண்டு பூஜ்யத்தை அடித்து, இருபத்திரண்டு, வகுபடாது, சாதாரண வருஷம் என்று அவர் தானாக வந்துசேர்ந்தால் அந்தப் பகுதி தேறிவிட்டது. சேராவிட்டால் எந்தக் கேள்வியில் நின்றார் என்று பாருங்கள். அந்த வரியில்தான் கோளாறு இருக்கும்.

ஒரு கேள்வி மட்டும் அறையில் நிச்சயம் வரும் என்று நினைக்கிறேன், தயாராக இருங்கள். யாராவது கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஜூலியஸ் சீசர் காலண்டர் கி.மு. 45இல் வந்தது, நூத்தி முப்பது வருஷத்துக்கு ஒரு நாள் என்றால் 1582க்குள் பன்னிரண்டு நாளுக்கு மேல் பிசகியிருக்க வேண்டுமே, ஏன் பத்து நாள் மட்டும் நீக்கினார்கள்?" என்று கேட்பார். நல்ல கேள்வி. திருத்தியவர்கள் சீசர் காலத்துக்குத் திரும்ப நினைக்கவில்லை. கி.பி. 325இல் நைசியாவில் கூடிய திருச்சபை மாநாட்டின் காலத்தில் வசந்தத்தின் சம இரவு நாள் மார்ச் 21ஐ ஒட்டி இருந்தது. ஈஸ்டர் தேதியைக் கணக்கிட அந்த நாள்தான் ஆதாரம், அதனால் அந்த நிலைக்குத் திரும்பினால் போதும் என்று முடிவு செய்தார்கள். 325இலிருந்து 1582 வரை சேர்ந்த பிசகு பத்து நாள். இதை வாசிப்புக்குள் சேர்க்காதீர்கள். தனித்தாளில், இதே மாதிரி சின்ன வாக்கியங்களில், "சம இரவு நாள்னா பகலும் இரவும் கிட்டத்தட்ட ஒரே அளவு இருக்குற நாள்" என்ற ஒரு வரியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.